கடை மூடுறப்போ ஜிபே கணக்கு, ஆப் ஸ்டேட்மென்ட், கல்லா மூணையும் ஒத்துப் பாக்குறது எப்படி

புதுசா மளிகைக் கடையோ பேன்சி கடையோ எடுத்து நடத்துறவங்க நிறைய பேர் ராத்திரி என்ன பண்றாங்கன்னா, கல்லாவுல இருக்க காச எண்ணுவாங்க, போன்ல ஆப்ப தொறந்து இன்னிக்கு எவ்ளோ விழுந்திருக்குன்னு பாப்பாங்க, ரெண்டையும் கூட்டி "பரவால்ல, இன்னிக்கு பதினெட்டாயிரம் ஓடியிருக்கு"ன்னு ஷட்டர இறக்கிட்டு போயிடுவாங்க. இதுல வியாபாரம் சுமாரா எவ்ளோன்னு தெரியும், அவ்ளோதான். வரவேண்டிய காசு வந்துச்சான்னு தெரியாது, ஏன்னா எவ்ளோ வரணும்னே நாம எழுதி வைக்கல, அப்புறம் எத வச்சு ஒத்துப் பாக்குறது.

இன்னொன்னு, ஒத்துப் பாக்குறவங்களும் கல்லாவ தனியா, ஜிபேய தனியா பாக்குறாங்க. கல்லாவுல 640 குறையுதுன்னா உடனே கடைப் பையன் மேல சந்தேகம், ஆப்ல 460 கூட வந்திருந்தா "சரி ஏதோ வந்திருக்கு"ன்னு விட்டுடுறது. இந்த ரெண்டு வித்தியாசத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாதான் என்ன நடந்துச்சுன்னு தெரியும். கீழ சொல்றது பூரா அதுக்குத்தான். (ஜிபேன்னு நான் சொல்றது எல்லா யுபிஐ ஆப்புக்கும் சேர்த்துதான், கடையில எல்லாரும் அப்படித்தானே சொல்றோம்.)

பகல்லயே எழுத வேண்டியது

ராத்திரி உக்காந்து யோசிச்சா ஒன்னும் ஞாபகம் வராது, அதனால பாதி வேலை பகல்லயே முடிஞ்சிருக்கணும். ஒரு நோட்டு போதும். காலைல கடை தொறந்ததும் கல்லாவுல சில்லறைக்குன்னு எவ்ளோ போட்டீங்களோ அத முதல் வரியில எழுதுங்க. அப்புறம் ஒவ்வொரு விற்பனைக்கும் தொகை, பக்கத்துல காசுன்னா "கா", ஜிபேன்னா "ஜி", கடன்னா "க". பில் மிஷின் இருந்தா அதுலயே பேமென்ட் வகை கேக்கும், ஆனா கூட்டத்துல எல்லாரும் அத அப்படியே கேஷ்லயே விட்டுட்டு அடிப்பாங்க, அங்கதான் பாதி குழப்பம் ஆரம்பிக்குது. 10 ரூபா 20 ரூபா சாமானுக்கெல்லாம் எழுத முடியாதுன்னா காசு வியாபாரத்துக்கு மட்டும் கோடு போட்டு வச்சு கடைசியில கூட்டிக்கலாம், ஆனா ஜிபேய ஒன்னு விடாம எழுதிடுங்க.

விற்பனை இல்லாத வரவு செலவுக்கு தனிப் பக்கம். பழைய கடன் யாராவது குடுத்தா இங்க வரும், காசா ஜிபேயான்னு சேர்த்து எழுதணும். பால் வண்டிக்கு, பிரெட் லைன் வண்டிக்கு, டீக்கு, லோடு இறக்குறவருக்கு கல்லாவுல இருந்து எடுத்துக் குடுத்ததும் இங்கதான். வீட்டுக்கு எடுத்தத எழுத மாட்டாங்க, "என் கடைதானே"ம்பாங்க. கடை உங்களுதுதான், ஆனா ராத்திரி குறையுறப்போ அந்த 200 ரூபாயத்தான் ஒரு மணி நேரம் தேடுவீங்க.

அதே பக்கத்துல "மாத்து"ன்னு ஒரு தலைப்பு போடுங்க. "அண்ணே 500 ரூபா ஜிபே பண்ணிடுறேன், கையில காசா குடுங்களேன்"னு தினம் ஒருத்தராவது வருவாங்க, பக்கத்துல ஏடிஎம் இல்லாத தெருன்னா இன்னும் அதிகம். தெரிஞ்சவங்க, முடியாதுன்னு சொல்ல முடியாது, குடுத்துடுறோம். இது விற்பனையே கிடையாது. ஆனா கல்லாவுல 500 குறையும், ஆப்ல 500 ஏறும். எழுதலன்னா ரெண்டு கணக்கும் ஒரே நேரத்துல தப்பாகும். இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, வருஷக் கடைசியில உங்க ஆப்ல விழுந்த மொத்தத்த எடுத்துப் பாத்தா இந்த மாத்துக் காசும் வியாபாரம் மாதிரியே தெரியும். 2025ல கர்நாடகால சின்னக் கடைக்காரங்களுக்கு யுபிஐ வரவ வச்சு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது ஞாபகம் இருக்கும். இதுல இவ்ளோ வியாபாரம் இல்லன்னு சொல்லணும்னா கையில நோட்டு இருக்கணும்.

ராத்திரி: ஆப்புக்கு முன்னாடி கல்லா

ஷட்டர பாதி இறக்கிட்டு முதல்ல ஒரு நேரத்த குறிச்சுக்கோங்க, "10.05 வரைக்கும்"னு. அதுக்கப்புறம் யாராவது வந்து ஒரு பால் பாக்கெட் வாங்கி ஸ்கேன் பண்ணுனா அது நாளைக் கணக்கு.

அப்புறம் கல்லாவ எண்ணுங்க. நோட்டுல எவ்ளோ இருக்கணும்னு கூட்டிப் பாக்காம, ஆப்பையும் தொறக்காம, முதல்ல எண்ணிடுங்க. எவ்ளோ இருக்கணும்னு முன்னாடியே தெரிஞ்சா அந்த நம்பர் வர்ற வரைக்கும் கை தானா எண்ணும், ஒரு நோட்ட ரெண்டு தடவ எண்ணிட்டு "சரியா இருக்கு"ன்னு தோணும், எல்லாருக்கும் நடக்குறதுதான். 500 எத்தன, 200 எத்தன, 100 எத்தனன்னு வகை வகையா எழுதுங்க, மொத்தத்த மட்டும் எழுதுனா மறுபடி சரி பாக்க வழி இல்ல.

அடுத்து ஆப். இங்க மூணு விஷயம் கவனிக்கணும். முதல் பக்கத்துல பெருசா காட்டுற "இன்றைய வரவு" தொகைய அப்படியே எடுக்காதீங்க, அது பெரும்பாலும் ராத்திரி 12ல இருந்து அடுத்த 12 வரைக்குமான கணக்கு, நேத்து நீங்க கணக்கு முடிச்ச அப்புறம் 12 மணிக்குள்ள வந்தது இன்னிக்குத் தொகையில இருக்காது. ஹிஸ்டரி இல்லன்னா ஸ்டேட்மென்ட்டுக்குப் போயி நேத்து குறிச்ச நேரத்துல இருந்து இன்னிக்கு குறிச்ச நேரம் வரைக்கும் வந்தத எடுங்க. ரெண்டாவது, வெற்றின்னு காட்டுறத மட்டும் கூட்டணும், பெண்டிங், ஃபெயில் ஆனதெல்லாம் சேராது, யாருக்காவது ரீஃபண்ட் பண்ணியிருந்தா கழிக்கணும்.

மூணாவது, கடையில எத்தன ஸ்டிக்கர் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. மூணு கம்பெனிக்காரங்க வந்து மூணு ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போயிருப்பாங்க, ஒவ்வொன்னும் தனித்தனி ஆப்ல விழும். இது போதாதுன்னு சில ரெகுலர் கஸ்டமருங்க ஸ்டிக்கரையே பாக்க மாட்டாங்க, உங்க போன் நம்பர் வச்சிருப்பாங்க, அதுக்கே போட்டுடுவாங்க. அது உங்க சொந்த அக்கவுண்ட்ல விழும், கடை ஆப்ல தெரியவே தெரியாது, சவுண்ட் பாக்ஸும் சத்தம் போடாது. அதனால சொந்த அக்கவுண்ட் ஹிஸ்டரியையும் ஒரு பார்வை பாத்துடணும். முடிஞ்சா ஒரே ஒரு ஸ்டிக்கர வச்சுக்கிட்டு மத்தத கிழிச்சுப் போட்டுடுங்க, அத விட நல்ல வழி எனக்குத் தெரியல.

சவுண்ட் பாக்ஸ் சொன்னத வச்சு கணக்கு எழுதாதீங்க. நெட் போயிட்டா அது பேசாது, ஆனா காசு வந்திருக்கும். அதே மாதிரி கஸ்டமர் போன்ல பச்ச டிக் பாத்தேன்ங்கறதும் கணக்கு இல்ல, அந்தத் திரை மாதிரியே காட்டுற போலி ஆப் சுத்திக்கிட்டு இருக்கு. உங்க ஆப் ஹிஸ்டரியில இருந்தாதான் வந்த மாதிரி.

ஒரு நாள் கணக்க போட்டுப் பாப்போம்

ஒரு மளிகைக் கடைன்னு வச்சுக்குவோம். அன்னிக்கு நோட்டுப்படி மொத்த வியாபாரம் 18,640. அதுல காசு 7,310, ஜிபே 10,480, கடன் 850. காலைல சில்லறைக்கு போட்டது 2,000. பழைய கடன் வசூல் காசா 400, ஜிபேயில 700. கல்லாவுல இருந்து வெளிய போனது பால் 1,450, பிரெட் வண்டி 780, டீயும் லோடு கூலியும் 150, ஆக 2,380.

கல்லாவுல இருக்க வேண்டியது: 2,000 கூட்டல் 7,310 கூட்டல் 400, அதுல 2,380 போக 7,330. எண்ணிப் பாத்தா 500 ஏழு, 200 அஞ்சு, 100 பதினாலு, 50 ஒம்போது, 20 எட்டு, 10 பதினொன்னு, நாணயம் 70 ரூபா. மொத்தம் 6,690. அதாவது 640 குறையுது.

ஆப்ல இருக்க வேண்டியது: 10,480 கூட்டல் 700, அதாவது 11,180. ஸ்டேட்மென்ட்ல அந்த நேரத்துக்குள்ள வந்தது 11,640. இங்க 460 கூட இருக்கு.

பழைய கடன் வசூல இங்க சேர்க்க மறந்தா ஆப்ல 1,160 கூட இருக்க மாதிரி காட்டும், ஏன்னா அந்தக் காசு இன்னிக்கு வந்துச்சு, ஆனா இன்னிக்கு வித்த சாமானுக்கு இல்ல. இன்னிக்குக் குடுத்த கடன் 850 எதுலயும் வராது, அது கடன் நோட்டுக்குப் போயிடும்.

இப்ப ரெண்டு வித்தியாசத்தையும் சேர்த்துப் பாருங்க. கல்லாவுல 640 கம்மி, ஆப்ல 460 ஜாஸ்தி. ஒன்னுக்கொன்னு கழிச்சா 180 கம்மி. உண்மையிலேயே கைக்கு வராத காசு இந்த 180 மட்டும்தான், மீதி எல்லாம் ஒரு பக்கம் இருந்து இன்னொரு பக்கம் போயிருக்கு. 640 காணோம்னு நினைச்சு பையன நிக்க வச்சு கேக்குறதுக்கும், 180 எங்கன்னு தேடுறதுக்கும் எவ்ளோ வித்தியாசம் பாருங்க.

தேடுறத எங்க ஆரம்பிக்கணும்னா ஆப்ல இருந்து, ஏன்னா அதுலதான் ஒவ்வொன்னுக்கும் நேரம், தொகை, அனுப்புனவர் பேரு எல்லாம் இருக்கு, கல்லா பேசாது. ஸ்டேட்மென்ட்ல இருக்கத ஒவ்வொன்னா நோட்டுல இருக்க "ஜி"யோட டிக் அடிச்சுக்கிட்டே வாங்க. நூறு என்ட்ரி இருந்தா பயப்பட வேண்டாம், பெரிய தொகையில இருந்து ஆரம்பிச்சா வேகமா முடியும். ஒரே தொகை நாலு பேர் போட்டிருந்தா நேரத்த வச்சு பொருத்துங்க.

நம்ம உதாரணத்துல மத்தியானம் 1.20க்கு முழுசா 500 ஒன்னு ஆப்ல இருக்கு, நோட்டுல இல்ல. மளிகை பில்லு ரவுண்டா 500னு வர்றது அபூர்வம், வந்தா மாத்துக் காசுதான்னு முதல்ல சந்தேகப்படுங்க. பேரப் பாத்ததும் ஞாபகம் வந்துடுது, மெக்கானிக் தம்பி வாங்கிட்டுப் போனது. மாத்துப் பக்கத்துல எழுதுனா கல்லாவுல குறையுறது 140 ஆகிடும், ஆப்ல 460 கூட இருந்தது மாறி 40 கம்மியா காட்டும். திடீர்னு கூட இருந்தது கம்மியா மாறுனா குழம்ப வேண்டாம், மறைஞ்சிருந்தது வெளிய வருது.

அடுத்து சாயங்காலம் 6.15க்கு ஆப்ல 140. நோட்டுல அதே நேரத்துல 140 இருக்கு, ஆனா "கா"ன்னு போட்டிருக்கு. எண்ணெய் பாக்கெட் எடுத்தவர் முதல்ல காசு நீட்டியிருப்பாரு, சில்லறை இல்லன்னதும் ஸ்கேன் பண்ணியிருப்பாரு, நாம முதல்லயே எழுதிட்டோம். "கா"வ "ஜி"யா மாத்துனா கல்லா பூரா சரியாயிடுச்சு. ஆப்ல குறையுறது இப்ப 180. பாத்தீங்களா, முதல்லயே கழிச்சு வந்த அதே 180 இங்க வந்து நிக்குது.

இப்ப நோட்டுல "ஜி" போட்டு டிக் விழாம எது நிக்குதுன்னு பாருங்க. ராத்திரி 7.40க்கு 180 ரூபா. அந்த நேரம் கூட்டம், கரன்ட்டும் போயிப் போயி வந்துச்சு. பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தங்க ஸ்கேன் பண்ணாங்க, போன்ல சுத்திக்கிட்டே இருந்துச்சு, "போயிடுச்சுன்னு நினைக்கிறேன் தம்பி"ன்னு சாமான எடுத்துட்டுப் போயிட்டாங்க.

சொந்த அக்கவுண்ட்லயும் இல்ல, பழைய ஸ்டிக்கர் ஆப்லயும் இல்லன்னு பாத்துட்டு, 180 வரவேண்டியதுன்னு கடன் நோட்டுல அவங்க பேர்ல ஒரு பென்சில் குறிப்பு போட்டுட்டு கணக்க மூடிடலாம். நஷ்டம்னு எழுதாதீங்க, இன்னும் முடிவு தெரியல.

தேடும்போது ஒரு சின்ன வித்தையும் தெரிஞ்சுக்கோங்க. வித்தியாசம் 9ஆல சரியா வகுபட்டா நம்பர் இடம் மாறியிருக்கலாம். 450ன்னு வந்தத 540ன்னு எழுதியிருந்தா வித்தியாசம் 90. சைபர் விட்டுப் போனாலும் இதேதான், 500க்கு பதிலா கஸ்டமர் 50 போட்டிருந்தா 450 குறையும், அதுவும் 9ஆல வகுபடும். நம்ம 180ம் வகுபடுது, ஆனா இங்க காரணம் அது இல்ல, ஸ்டேட்மென்ட்ல அந்த என்ட்ரியே இல்ல. அதனால இது எங்க முதல்ல தேடலாம்னு சொல்ற குறிப்பு மட்டும்தான், முடிவா எடுத்துக்காதீங்க.

அந்த 180 என்ன ஆகும்

மறுநாள் அந்த அக்காவப் பாத்தா "காசு வரல"ன்னு சண்டைக்கு நிக்காம அவங்க ஆப் ஹிஸ்டரியில அந்த என்ட்ரிய தொறக்கச் சொல்லுங்க. மூணுல ஒன்னு இருக்கும். ஃபெயில்னு இருந்து காசும் பிடிக்கலன்னா அவங்களே மறுபடி குடுத்துடுவாங்க. வெற்றின்னு இருந்தா யாருக்குப் போயிருக்குன்னு பேரப் பாருங்க, அதுல 12 இலக்க யூடிஆர் நம்பர் ஒன்னு இருக்கும், அத உங்க ஆப்லயோ பேங்க் ஸ்டேட்மென்ட்லயோ தேடுனா தெரிஞ்சுடும். பேரே உங்களுது இல்லன்னா முதல்ல கடைக்கு ஓடி ஸ்டிக்கரப் பாருங்க, ராத்திரியோட ராத்திரியா மேல வேற ஸ்டிக்கர ஒட்டிட்டுப் போறவங்களும் இருக்காங்க. இதுக்காகவே காலைல கடை தொறந்ததும் உங்க போன்ல இருந்து ஸ்கேன் பண்ணி உங்க பேரு வருதான்னு பாக்குற பழக்கம் நல்லது, காசு அனுப்பவே வேண்டாம், பேரு வந்ததும் பின்னாடி வந்துடலாம்.

மூணாவது வகைதான் இழுக்கும்: அவங்க அக்கவுண்ட்ல பிடிச்சிருக்கும், உங்களுக்கு வந்திருக்காது. இதுக்கு ரிசர்வ் பேங்க் 2019ல ஒரு விதி போட்டிருக்கு. கடைக்குக் கட்டுனது இப்படி மாட்டுனா அடுத்த 5 நாளுக்குள்ள கட்டுனவங்களுக்கே தானா திரும்பணும், தாண்டுனா ஒரு நாளைக்கு 100 ரூபா வீதம் நஷ்டஈடு அவங்களுக்குக் குடுக்கணும். அதனால "உங்க காசு திரும்பிடும்க்கா, வந்ததும் குடுங்க"ன்னு சொல்லலாம், இல்லன்னா அவங்க ஆப்லயே புகார் போடச் சொல்லலாம்.

நம்ம உதாரணத்துல ரெண்டு நாள் கழிச்சு காசு திரும்ப விழுந்துச்சு, அவங்க 180 காசா கொண்டு வந்து குடுத்தாங்கன்னு வைங்க. அத அன்னிக்கு வியாபாரத்துல சேர்க்காதீங்க, பழைய கடன் வசூல் காசுன்னு எழுதுங்க. இல்லன்னா அன்னிக்கு ராத்திரி வியாபாரம் 180 கூடத் தெரியும், ஒரே சாமான ரெண்டு தடவ வித்த மாதிரி ஆயிடும்.

காலைல பேங்க்

ராத்திரி ஆப்ப ஒத்துப் பாத்ததோட வேலை முடியாது, ஆப்ல காட்டுறது வேற, பேங்க்ல விழுறது வேற. உங்க சொந்த யுபிஐ ஸ்டிக்கர்னா ஒவ்வொருத்தர் போடுறதும் அப்பவே அக்கவுண்ட்ல தனித்தனியா விழும். கம்பெனி குடுத்த வியாபாரி ஸ்டிக்கர்ல பெரும்பாலும் எல்லாத்தையும் சேர்த்து ஒரே தொகையா, அன்னிக்கு ராத்திரியோ மறுநாள் காலையிலயோ போடுவாங்க, அதுதான் செட்டில்மென்ட். உங்களுக்கு எந்த நேரத்துல இருந்து எந்த நேரம் வரைக்கும்னு ஆப்ல செட்டில்மென்ட் பக்கத்துல இருக்கும், அத ஒரு தடவ பாத்து நோட்டு அட்டையில எழுதி வச்சுக்கோங்க. உங்க கணக்கு 10.05க்கு முடியுது, அவங்களுது 12க்கு முடியுதுன்னா நடுவுல வந்தது ஒரு நாள் தள்ளித் தெரியும், அத காணாமப் போச்சுன்னு நினைக்கக் கூடாது.

தொகை ஆப்ல இருக்கத விட கம்மியா விழுந்தா முதல்ல சவுண்ட் பாக்ஸ் வாடகையப் பாருங்க, மாசத்துல ஒரு நாள் சத்தமில்லாம செட்டில்மென்ட்லயே கழிச்சுப்பாங்க. சாதாரணமா பேங்க் அக்கவுண்ட்ல இருந்து வர்ற யுபிஐக்கு கடைக்காரருக்கு கமிஷன் கிடையாது, 2020ல இருந்து அப்படித்தான். ஆனா ரூபே கிரெடிட் கார்ட இணைச்சு 2,000க்கு மேல கட்டுனா பிடிக்க வாய்ப்பு இருக்கு. எது பிடிச்சாலும் செட்டில்மென்ட் விவரத்துல தனி வரியா இருக்கும், அத கடை செலவுல எழுதுங்க. வியாபாரத்துல குறைக்காதீங்க, 11,640 வந்துச்சுன்னா வந்தது 11,640தான், வாடகை தனிச் செலவு.

எவ்ளோ வரைக்கும் தேடணும்

அஞ்சு பத்து ரூபாக்கெல்லாம் உக்காந்து தேடிக்கிட்டு இருந்தா தூங்க முடியாது. சில்லறை இல்லாம ஒரு ரூபா விட்டது, சாக்லேட் குடுத்து சரிகட்டுனது எல்லாம் சேர்ந்து தினம் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். உங்க கடை அளவுக்கு ஒரு எல்லை வச்சுக்கோங்க, 20 ரூபான்னு வைங்களேன், அதுக்குள்ள இருந்தா வித்தியாசத்த மட்டும் எழுதிட்டு மூடிடலாம். ஆனா கண்டிப்பா எழுதணும், கம்மியா ஜாஸ்தியான்னு சேர்த்து. ஒரு நாள் கூட, ஒரு நாள் கம்மின்னு மாறி மாறி வந்தா அது சில்லறை ஆட்டம்தான். தொடர்ந்து கல்லா மட்டும் கம்மியாவே வந்து ஆப் சரியா இருந்தா எழுதாம கை போகுது, வீட்டுக்கு எடுக்குறதா இல்ல வேற யாராவதான்னு பாக்கணும். கல்லா சரியா இருந்து ஆப் மட்டும் கம்மியாவே வந்தா, ஆப்ல வந்துச்சான்னு பாக்காமலே சாமான் வெளிய போகுது. அப்ப போன ஸ்டாண்டுல போட்டு கல்லா பக்கத்துலயே வச்சு, பேரும் தொகையும் கண்ணுல பட்ட அப்புறம் பைய நீட்டுங்க.